ஆவரேஜ் 38 நிமிஷம், ஆனா ஓனருக்கு ரெண்டு நாள்: ரிப்ளை டைமை எப்படி அளக்கிறது

கேள்வி: ஒரு துணிக்கடையோட பேஸ்புக் பேஜ், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணையும் எங்க டீம்தான் பார்த்துக்குது. கான்ட்ராக்ட்ல "1 மணி நேரத்துக்குள்ள ரிப்ளை"ன்னு எஸ்எல்ஏ இருக்கு. மாசாமாசம் ஆவரேஜ் எடுத்து அனுப்புறேன், போன மாசம் 38 நிமிஷம். ஓனர் என்னடான்னா "நானே வேற நம்பர்ல இருந்து மெசேஜ் போட்டு பார்த்தேன், ரெண்டு நாள் ஆச்சு"ங்கிறார். ரெண்டுமே எப்படி உண்மையா இருக்க முடியும்? நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்:

ரெண்டுமே உண்மையாத்தான் இருக்கும். உங்க 38 நிமிஷம் நீங்க பதில் போட்ட மெசேஜோட ஆவரேஜ், பதில் போடாத மெசேஜுக்கு ரிப்ளை டைமே கிடையாது, அதனால ஷீட்ல அந்த செல் காலியா இருக்கும், AVERAGE காலி செல்லை எண்ணாம தாண்டிப் போயிரும். ஓனர் போட்ட மெசேஜ் அந்த ரெண்டு நாளும் உங்க கணக்குலயே இல்ல. நான் ஏழெட்டு வருஷமா இந்த மாதிரி இன்பாக்ஸ் டீமுங்களுக்கு ரிப்போர்ட் போட்டுட்டு இருக்கேன், ஓனர் நம்பலன்னு யார் வந்தாலும் பத்துல எட்டு தடவை காரணம் இதேதான்.

முதல்ல ஆவரேஜை எடுத்து ஓரமா வைங்க. ஒரு சின்ன கணக்கு போட்டு காட்டுறேன். ஒரு நாள்ல பத்து மெசேஜுக்கு பதில் போட்டிருக்கீங்க, எடுத்த நிமிஷம் இப்படி: 3, 4, 6, 8, 9, 12, 15, 22, 70, 451. கூட்டினா 600, ஆவரேஜ் சரியா 60. பார்த்தா "அப்பாடா, டார்கெட்டைத் தொட்டுட்டோம்"னு தோணும். ஆனா பாதிப் பேருக்கு 10 நிமிஷம் போல ஆகுறதுக்குள்ள பதில் போயிருச்சு (மீடியன் 10.5), ஒருத்தருக்கு மட்டும் ஏழரை மணி நேரம். அந்த 60ங்கிற நேரத்துக்குக் கிட்ட பதில் கிடைச்சவங்க அந்தப் பத்துல 70 நிமிஷக்காரர் ஒருத்தர்தான். கான்ட்ராக்ட் கேக்குற கேள்விக்கு பதில் என்னன்னா, 10ல 8 உள்ள, அதாவது 80%. இப்போ அதே நாள்ல பதிலே போகாத, 1 மணி நேரமும் தாண்டிப் போன ரெண்டு மெசேஜ் இருக்குன்னு வைங்க, ஆவரேஜ் அசையாது, இன்னமும் 60தான். ஆனா உண்மையான கணக்கு 12ல 8, அதாவது 67%. இந்த ரெண்டு மெசேஜ்ல ஒண்ணுதான் உங்க ஓனரோடது.

அதனால ரூல் இது: பதில் போகாத மெசேஜ் டார்கெட் நேரத்தைத் தாண்டிருச்சுன்னா அது ஃபெயில், பதில் வரட்டும்னு காத்திருக்கத் தேவையில்ல. இன்னும் டார்கெட் நேரமே முடியாத மெசேஜ், உதாரணத்துக்கு கடை மூடுறதுக்கு 10 நிமிஷம் முன்னாடி வந்தது, அது பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல, இந்த ரிப்போர்ட்ல மொத்த எண்ணிக்கையில சேர்க்காம அடுத்த ரிப்போர்ட்டுக்குத் தள்ளுங்க. இன்னொண்ணு, மெசேஜை வந்த தேதி வச்சுத்தான் மாசத்துல சேர்க்கணும், பதில் போட்ட தேதி வச்சு இல்ல. பதில் தேதி வச்சா என்ன ஆகும்னா, பேக்லாக் சேர்ந்துட்டே இருக்கிற மாசம் ரிப்போர்ட் ஜொலிக்கும், டீம் உட்கார்ந்து பழசையெல்லாம் க்ளியர் பண்ணுற மாசம் நாறும். நல்லா வேலை செஞ்ச மாசத்துல திட்டு விழும்.

அடுத்து கடிகாரத்தை எப்போ ஆரம்பிக்கிறதுன்னு பாருங்க. கம்மென்ட்ல இது சுலபம், ஒரு கம்மென்ட் ஒரு கேள்வி. மெசேஜ்ல மக்கள் எப்படி எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்: 11:02க்கு "ஹலோ", 11:02க்கே "அண்ணா", 11:04க்கு "சேலை ஆர்டர் பண்ணி 6 நாள் ஆச்சு இன்னும் வரல", அப்புறம் 11:50க்கு "??". நீங்க 12:10க்கு பதில் போடுறீங்க. நாலையும் தனித்தனியா எண்ணினா ஒரே ஆளு நாலு தடவை கணக்குல வர்றாரு. கடைசி மெசேஜ்ல இருந்து எண்ணினா 20 நிமிஷம்தான், பாஸ்! அந்த மனுஷன் கடுப்பாகி கேள்விக்குறி போட்டதே உங்களுக்கு லாபமாப் போச்சு. சரியான கணக்கு, பதில் போகாத முதல் மெசேஜ்ல இருந்து அடுத்து நம்ம சைடுல இருந்து போன மனுஷ பதில் வரைக்கும், அதாவது 11:02ல இருந்து 12:10, 68 நிமிஷம், ஃபெயில். நிறைய டூல்ல இதை "கான்வர்சேஷன்"னு தானாவே சேர்த்துக் குடுக்கும், ஆனா எந்த மெசேஜ்ல இருந்து எண்ணுதுன்னு ஒரு தடவை நீங்களே டெஸ்ட் மெசேஜ் போட்டு பார்த்துடுங்க, ஹெல்ப் பேஜ்ல எழுதியிருக்கிறதை மட்டும் நம்பாதீங்க.

"மனுஷ பதில்"னு அழுத்திச் சொன்னதுக்கு காரணம் இருக்கு. "வணக்கம், உங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்கிறோம்"னு ஆட்டோ ரிப்ளை ஒரு செகண்ட்ல போகும், அதை பதில்னு எடுத்தா உலகத்துலயே வேகமான டீம் நீங்கதான். பேஸ்புக்கே பேஜுக்கு "மெசேஜுக்கு வேகமா பதில் சொல்றவங்க"ன்னு பேட்ஜ் குடுக்க ஒரு கணக்கு வச்சிருந்தது, கடைசி 7 நாள்ல 90% மெசேஜுக்கு பதில், 15 நிமிஷத்துக்குள்ள, அதுல ஆட்டோ ரிப்ளை சேராது. அந்த ஒரு விஷயத்தை அப்படியே எடுத்துக்கலாம். ஆட்டோ ரிப்ளையை கணக்குல இருந்து எடுத்துட்டா டீம்ல யாராவது கையாலயே "பார்த்துட்டு சொல்றோம் சார்"னு 40வது நிமிஷம் டைப் பண்ணி கடிகாரத்தை நிறுத்துவாங்க, அதையும் எதிர்பாருங்க. அவங்க மேல தப்பில்ல, நீங்க எதை அளக்கிறீங்களோ அதைக் குடுக்கிறாங்க. நான் பண்றது, முதல் பதிலை அளக்கிறேன், கூடவே கேள்விக்கு விஷயமான பதில் (விலை, ஸ்டாக், ஆர்டர் எங்க இருக்கு) போன நேரத்தை இன்னொரு காலம்ல வைக்கிறேன். டார்கெட் முதலாவதுக்கு மட்டும்தான், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரு மாசத்துல திடீர்னு விரிஞ்சுதுன்னா என்ன நடக்குதுன்னு புரிஞ்சிரும்.

கம்மென்ட்ல இதே மாதிரி ஒரு ஓட்டை, "விலை எவ்ளோ?"ன்னு கேட்டா "டிஎம் பண்ணுங்க"ன்னு போடுறது. கம்மென்ட் கடிகாரம் நின்னுருச்சு, அவங்க டிஎம் பண்ணினா அங்க புதுசா ஒரு கடிகாரம் ஓடும், அதுல தப்பில்ல. ஆனா லைக் போடுறது பதில் இல்ல, கம்மென்ட்டை ஹைட் பண்றதும் பதில் இல்ல.

இப்போ வேலை நேரம். உங்க கான்ட்ராக்ட்ல வெறும் "1 மணி நேரம்"னு மட்டும் இருந்தா ராத்திரி 2 மணிக்கு வர்றதுக்கும் 3 மணிக்குள்ள பதில் போடணும்னு அர்த்தம் ஆயிரும், அதை யாரும் நினைச்சு எழுதியிருக்க மாட்டாங்க. கடை நேரத்தை எழுத்துல வாங்குங்க. காலைல 9:30ல இருந்து ராத்திரி 7:30, திங்கள் முதல் சனின்னு வச்சுக்குவோம். ஷீட்ல `B` காலம்ல மெசேஜ் வந்த நேரம், `C`ல பதில் போன நேரம், `F1`ல 9:30, `G1`ல 19:30, `H2` முதல் `H15` வரைக்கும் லீவு தேதிங்க. அப்போ வேலை நேர நிமிஷம்:

```
=((NETWORKDAYS.INTL(B2,C2,"0000001",$H$2:$H$15)-1)*($G$1-$F$1)
+IF(NETWORKDAYS.INTL(C2,C2,"0000001",$H$2:$H$15),MEDIAN(MOD(C2,1),$F$1,$G$1),$G$1)
-MEDIAN(NETWORKDAYS.INTL(B2,B2,"0000001",$H$2:$H$15)*MOD(B2,1),$F$1,$G$1))*1440
```

பார்க்க பயமா இருக்கும், உள்ள நடக்கிறது எளிசுதான். முழு வேலை நாளுங்களை எண்ணுது, வந்த நேரத்தையும் பதில் நேரத்தையும் 9:30க்கும் 7:30க்கும் நடுவுல அமுக்குது, மிச்சத்தை கூட்டிக் கழிக்குது. அந்த `"0000001"`ல ஏழு எழுத்து திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயிறு வரைக்கும், 1 போட்டது லீவு. பதில் போகாத மெசேஜுக்கு `C`ல ரிப்போர்ட் எடுக்கிற கட்-ஆஃப் நேரத்தைப் போட்டு, பக்கத்து காலம்ல "பதில் இல்ல"ன்னு மார்க் பண்ணிக்கங்க, அப்போதான் அது எவ்ளோ நேரமா கிடக்குதுன்னு தெரியும். மேல சொன்ன 12 மெசேஜ் உதாரணத்துல அப்படிப் பண்ணினா மீடியன் 10.5ல இருந்து 13.5க்குத்தான் போகும், மீடியன் இந்த விஷயத்துல உறுதியான ஆளு, பாதிக்கு மேல பதில் இல்லாமப் போனாத்தான் ஆடும்.

ஒரு வரியை கையால சரிபார்த்துக் காட்டுறேன். 2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, ராத்திரி 7:10க்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். திங்கள் 10ம் தேதி காலைல 9:50க்கு பதில். சனிக்கிழமை மிச்சம் 20 நிமிஷம், திங்கள் 20 நிமிஷம், மொத்தம் 40 நிமிஷம். டார்கெட் 60, பாஸ். ஆனா சாதா கடிகாரத்துல அது 38 மணி 40 நிமிஷம், ஓனர் சொன்ன "ரெண்டு நாள்" இந்த மாதிரியும் இருக்கலாம், அவர் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஃப்ரீயா இருப்பார்! இதுல இன்னும் ஒரு வம்பு இருக்கு. வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ வழியா நடத்துறீங்கன்னா, கஸ்டமர் கடைசியா மெசேஜ் போட்டதுல இருந்து 24 மணி நேரம்தான் இஷ்டத்துக்கு எழுத முடியும், அதுக்கப்புறம் முன்னாடியே அப்ரூவல் வாங்கின டெம்ப்ளேட் மட்டும்தான் அனுப்பலாம். வாட்ஸ்அப்புக்கு உங்க ஞாயிறு லீவு தெரியாது. அதனால இந்த மெசேஜ்ல எஸ்எல்ஏ பச்சை, ஆனா உங்க ஆள் திங்கள் காலைல உட்கார்ந்து "உங்க சேலை நேத்து டிஸ்பாட்ச் ஆயிருச்சு"ன்னு டைப் பண்ணினா போகாது, டெம்ப்ளேட் அனுப்பி அவங்க பதில் போட்ட பிறகுதான் பேச முடியும். அதனால சாதா கடிகார நேரத்தை தனி காலம்ல வைங்க, 24 மணி நேரம் தாண்டினது எத்தனைன்னு ஒரு வரி ரிப்போர்ட்ல போடுங்க. எங்க கிளையன்ட் ஒருத்தர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துக்கு ஆள் போட்டார், அதுவரைக்கும் நாங்க எவ்ளோ சொல்லியும் காதுல வாங்கல.

நேரம்னு பேசும்போது டைம்சோன். மெட்டா ஏபிஐல இருந்து `created_time` எடுத்தா இப்படி வரும்: `2025-02-08T13:40:00+0000`. இது யூடிசி, நம்ம நேரம் ராத்திரி 7:10. மாத்துறதுக்கு:

```
=DATEVALUE(LEFT(A2,10))+TIMEVALUE(MID(A2,12,8))+TIME(5,30,0)
```

ரெண்டு சைடும் யூடிசில இருந்தா சாதா கழித்தல் சரியா வந்துரும், அதனால தப்பு வெளிய தெரியாது, வேலை நேரக் கணக்கு மட்டும் கண்டபடி போகும். ஒரு சைடு யூடிசி, இன்னொரு சைடு டீம் கையால எழுதின நம்ம நேரம்னா இன்னும் மோசம். கண்டுபிடிக்கிறது சுலபம், சாதா நிமிஷத்தை வரிசைப்படுத்திப் பாருங்க, 330க்கு மேல 335, 341, 338ன்னு ஒரு கும்பல் நின்னா அது அஞ்சரை மணி நேரம், டீம் லேட் இல்ல. மைனஸ்ல வந்தா தலைகீழா கலந்திருக்கீங்க.

எதை எண்ணாம விடலாம்ங்கிறதுலதான் ஏமாத்து வேலை அதிகம் நடக்கும். "ஓகே நன்றி", கட்டைவிரல் எமோஜி, கம்மென்ட்ல தோழியை டேக் பண்ணி "இது பாருடி"ங்கிறது, ஸ்பாம், இதுக்கெல்லாம் பதில் தேவையில்ல, இதைச் சேர்த்தா பர்சன்ட் அநியாயத்துக்கு விழும். அதனால "பதில் தேவையில்ல"ன்னு ஒரு டேக் இருக்கணும். ஆனா அந்த டேக் வந்த மறுநாளே, லேட் ஆன மெசேஜ் எல்லாம் மெதுவா அதுக்குள்ள போக ஆரம்பிக்கும். நான் வாரத்துக்கு 20 மெசேஜை அந்த டேக்ல இருந்து கண்ணை மூடிட்டு எடுத்து, டேக் போடாத வேற ஒருத்தரை படிக்கச் சொல்வேன். 20ல ஒண்ணு தப்பா இருந்தா சரி, மனுஷங்கதானே. நாலஞ்சு இருந்தா அந்த வாரம் மொத்தத்தையும் திருப்பிப் பார்க்கணும். டேக் போட்ட எண்ணிக்கையையும் ரிப்போர்ட்லயே காட்டுங்க, மறைக்காதீங்க.

இதுக்கு எதிர்ப்பக்கம், எண்ண வேண்டியது உங்க கண்ணுக்கே படாம இருக்கிறது. நானே மாட்டின கதை இது. ஒரு ஆடித் தள்ளுபடி சமயம், எங்க ரிப்போர்ட்ல 96%, நான் காலரைத் தூக்கி விட்டுட்டு மீட்டிங் போனேன். கடை மேனேஜர் போனை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார், கீழ அறுபது எழுபது கம்மென்ட், "விலை?", "எந்த பிராஞ்ச்?", "போன தடவை சாயம் போச்சு"ன்னு ஒருத்தர், ஒண்ணுக்கும் பதில் இல்ல. அது பேஜ்ல போஸ்ட்டா போடாம விளம்பரமா மட்டும் ஓடினது, நான் எக்ஸ்போர்ட் எடுத்தது பேஜ் போஸ்ட்டுங்களோட கம்மென்ட் மட்டும். வர்ற மெசேஜே கணக்குல இல்லன்னா பர்சன்ட் எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அப்போ இருந்து விளம்பர டீம் குடுக்கிற ஓடுற விளம்பர லிஸ்ட்டை வச்சு எண்ணிக்கையை ஒத்துப் பார்க்கிறேன். இன்ஸ்டால மெசேஜ் ரிக்வெஸ்ட் ஃபோல்டரும் இதே ரகம், நாம ஃபாலோ பண்ணாதவங்க போட்டது அங்க போய் உட்கார்ந்திருக்கும். உங்க ஓனர் வேற நம்பர், வேற அக்கவுன்ட்ல இருந்து போட்டிருந்தா முதல்ல அங்க தேடுங்க.

ரிப்போர்ட்டை எப்படி எழுதுறதுன்னா, ஒரு பக்கம் போதும். மேல கான்ட்ராக்ட் வாக்கியம் அப்படியே: "வேலை நேரத்துல, பதில் தேவைப்படுற மெசேஜ்ல 90%க்கு 60 நிமிஷத்துக்குள்ள முதல் மனுஷ பதில்." உங்க கான்ட்ராக்ட்ல அந்த 90% இல்லன்னா இப்பவே போய் கேட்டு வாங்குங்க, இல்லன்னா ஒரே ஒரு மெசேஜ் தாண்டினாலும் மாசமே ஃபெயில்னு அவங்க சொல்ல முடியும். கீழ சேனல் சேனலா, கம்மென்ட் தனி, இன்ஸ்டா டிஎம் தனி, வாட்ஸ்அப் தனி, ஏன்னா மொத்தமா கலந்தா வேகமான கம்மென்ட் பதிலுங்க மெதுவான வாட்ஸ்அப்பை மூடி மறைச்சிரும். ஒவ்வொண்ணுலயும் பர்சன்ட்டோட எண்ணிக்கையும் எழுதுங்க, "67%"ன்னு மட்டும் இல்ல, "12ல 8". சின்ன எண்ணிக்கையில ஒரு மெசேஜ்க்கே எட்டு பாயின்ட் ஆடும், அதைப் பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். அப்புறம் மீடியன், இன்னும் பதில் போகாம கிடக்கிறது எத்தனை, அதுல ரொம்பப் பழசு எத்தனை நாள், 24 மணி நேரம் தாண்டினது எத்தனை. இதோட தாண்டின மெசேஜுங்க எந்த மணி நேரத்துல வந்ததுன்னு ஒரு சின்ன டேபிள். எங்களுக்கு அது எப்பவும் ரெண்டு இடத்துலதான் குவியும், திங்கள் காலை முதல் மணி நேரம், அப்புறம் மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டரை, எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிடப் போறது. சாப்பாட்டு நேரத்தை ரெண்டு ஷிப்டா பிரிச்சதுல ஏறின பர்சன்ட், புது ஆள் எடுத்துக்கூட எங்களுக்கு வந்தது இல்ல.

இந்தக் கணக்குக்கு மாறின முதல் மாசம் நம்பர் விழும், அது நிச்சயம். திடீர்னு புது ரிப்போர்ட்டை அனுப்பிட்டு அப்புறம் விளக்கம் சொல்லாதீங்க. போன மாச டேட்டாவையே எடுத்து புதுக் கணக்குல ஓட்டுங்க, பழைய "38 நிமிஷம்" ஒரு பக்கம், புது "இத்தனைல இத்தனை" இன்னொரு பக்கம், நடுவுல ஓனர் போட்ட அந்த டெஸ்ட் மெசேஜ் ரெண்டு கணக்குலயும் எந்த வரியில வருதுன்னு தேதி நேரத்தோட காட்டுங்க. பழசுல அது அனேகமா எங்கயும் இருக்காது, புதுசுல வேலை நேரக் கணக்குலயும் டார்கெட்டைத் தாண்டியிருந்தா "தாண்டிருச்சு"ன்னு சிவப்புல இருக்கும்.